கையை விட்டு இறங்காத கடிகாரம்

காலம் எல்லாவற்றையும் தின்றுவிடும். ஆனால், ஒரு தகப்பனுக்கு மகள் தன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த பரிசைக் காலத்தால் தொடக்கூட முடியாது. இது டைரக்டரின் திருவாக்கு. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறார், லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் சொல்லியிருக்கிறார், முடிவெட்டிக்கொள்ளப் போன இடத்தில் தலையை ஆட்டக்கூடாது என்று எச்சரிக்கப்பட்ட பிறகும் சொல்லியிருக்கிறார்.

வியாழக்கிழமை காலையில் பீரோவின் உள்ளறையிலிருந்து அந்தப் பரிசை எடுத்துப் பார்த்தபோது, காலம் தொட்டிருந்தது மட்டுமல்ல, தொட்ட இடமெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டவும் செய்தது.

டைரக்டர் என்றால் சினிமா டைரக்டர் இல்லை. ஏதோ ஒரு துறையில் துணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். வழியனுப்பு விழாவில் கொடுத்த பூங்கொத்து வாடி உதிர்ந்த அதே வாரத்தில் பெயருக்கு முன்னாலிருந்த 'துணை'யும் உதிர்ந்துவிட்டது. உதிர்த்தவர் அவர்தான். வீட்டுக்குள் இருந்த துணை மட்டும் உதிராமல் நின்றது. அந்த அம்மாள் மருத்துவமனையில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டடம் முழுக்க அவருக்கு சிஸ்டர் என்றே பெயர். எப்பேர்ப்பட்ட நோயாளியையும் ஒரு பார்வையில் படுக்க வைத்துவிடுவார். வீட்டில் இருந்த ஒரே நோயாளியிடம்தான் அந்தப் பார்வை சில சமயம் சிரிப்பில் போய் முடிந்துவிடும்.

பரிசு ஒரு கைக்கடிகாரம். கருநீல முகம், சுற்றிலும் திருகினால் டிக் டிக் என்று நகரும் வளையம், பத்து வருடம் ஓடும் பேட்டரி, எத்தனையோ மீட்டர் ஆழத்திலும் தண்ணீர் புகாது என்ற உறுதிமொழி, கருப்பு சிலிக்கான் ஸ்ட்ராப். வேலை கிடைத்து வெளியூர் போன மகள் முதல் சம்பளத்தில் அனுப்பி வைத்தது. வந்த அன்று பெட்டியைத் திறந்தார், பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், மூடினார். இவ்வளவு நல்ல பொருளைக் கதவு நிலையில் இடித்துக் கீறல் விழ விடுவதா? பெட்டியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றுப் புகாமல் இறுக்கி முடிந்து, பூச்சி அரிக்காமல் இருக்க இரண்டு பாச்சை உருண்டையும் உள்ளே போட்டு, வீட்டுப் பத்திரத்துக்குப் பக்கத்தில் குடியேற்றினார். பூச்சி கடிகாரம் தின்னுமா என்று சிஸ்டர் கேட்டதற்கு, "முன்னெச்சரிக்கைன்னு ஒண்ணு இருக்கு" என்றார்.

கைக்கு, ஆபீஸ் காலத்து எஃகுச் சங்கிலிக் கடிகாரமே போதுமென்று விட்டார். ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மகள் போனில் முகம் காட்டும்போது, "அப்பா, வாட்ச் கட்டுறீங்களா?" என்பாள். டைரக்டர் இடதுகையைக் கேமராவுக்குக் கீழே வைத்துக்கொண்டு, "கையை விட்டு இறக்கினாத்தானே, கண்ணு!" என்பார். ஏறாத ஒன்று எப்படி இறங்கும்? அந்த வகையில் அவர் சொன்னது உண்மைதான்.

இப்படி மூன்று வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. இப்போது மகள் சனிக்கிழமை காலை நேரில் வருகிறாள்.

"போன்ல கையை ஒளிச்ச மாதிரி வீட்ல ஒளிக்க முடியாது" என்று சிஸ்டர் புதன்கிழமை இரவே சொல்லியிருந்தார். "ஒழுங்கா எடுத்துக் கட்டுங்க."

கட்டத்தான் எடுத்தார். கடிகாரம் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. ஸ்ட்ராப்தான், வெயிலில் விட்ட மிட்டாய் மாதிரி பளபளத்தது. பெட்டிக்குள் இருந்த குட்டித் தலையணை அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பிய்த்தார், தலையணையின் பஞ்சு ஸ்ட்ராப்பிலும், ஸ்ட்ராப்பின் கருப்பு விரலிலும் தங்கிவிட்டன. விரலை வேட்டியில் துடைத்தார். அங்கே மீசை மாதிரி ஒரு கோடு விழுந்தது.

நிர்வாக அனுபவம் உள்ளவர்கள் பதறமாட்டார்கள். குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சோப்பு போட்டுக் கழுவினார். ஈரம் இருக்கிற வரை நல்ல பிள்ளையாக இருந்தது. காய்ந்ததும் பழைய குணம். சானிடைசர் ஊற்றிப் பஞ்சால் துடைத்தார். மேல்தோல் சேறாகக் குழைந்து பஞ்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. கடைசியில் முகத்துக்குப் போடும் பவுடரைக் கொட்டித் தேய்த்தார். அடடா! வழுவழுவென்று ஆனது. வெற்றிச் சிரிப்போடு கதவைத் திறந்தால், சிஸ்டர் நிற்கிறார்.

"என்னங்க, உள்ள யாருக்கு அலங்காரம்?"

"பராமரிப்பு."

சிஸ்டர் ஸ்ட்ராப்பை வாங்கி, வளைத்துப் பார்த்தார். வளைத்த இடத்தில், கொக்கிக்குப் பக்கத்தில், சன்னமாக ஒரு விரிசல் வாயைத் திறந்தது. பவுடர் உதிர்ந்த இடத்தில் மறுபடி பிசுபிசுப்பு.

"போன உயிருக்குப் பவுடர் போட்டா திரும்பி வருமா? வார்டுல பிரஷர் பார்க்கிற மெஷின் குழாய் ஒண்ணு இப்படித்தான் ஆச்சு. அழுக்குன்னா சோப்புக்குப் போகும். இது அழுக்கு இல்ல, சரக்கே குழையுது. கடைக்குப் போயி வேற போடுங்க."

"கட்டாமலே எப்படிம்மா கெடும்? ஒரு தடவைகூடக் கையில படலையே!"

"அதத்தான் பாப்பாகிட்டயும் சொல்லப் போறீங்களா?"

டைரக்டர் கடிகாரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்த சிஸ்டருக்குச் சிரிப்பு போய்விட்டது. இந்த மனுஷன் பொய் சொன்னதற்காகப் பயப்படவில்லை. தன் பரிசை அப்பா மதிக்கவில்லை என்று பிள்ளை ஒரு நிமிஷம் நினைத்துவிடுவாளோ என்று பயப்படுகிறார். அந்த ஒரு நிமிஷத்தைத் தவிர்க்க அவர் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லுவார்.

"சட்டையை மாத்துங்க, நானும் வரேன்" என்றார் சிஸ்டர்.

"எதுக்கு? நான் பார்க்காத கொள்முதலா?"

அவர் தனியாகவே போனார்.

பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, போன் கவர் விற்கிற கடைக்கும் சாவி செய்கிற கடைக்கும் நடுவில் ஒருவர் உட்காரும் அகலத்தில் கடிகாரக் கடை. உட்கார்ந்திருந்தது நடுத்தர வயதுப் பெண். நெற்றியில் பூதக்கண்ணாடி, பின்னால் சுவர் முழுக்க தொங்கும் ஸ்ட்ராப்கள், வாயில் ஓயாத பேச்சு. பழைய ஸ்ட்ராப்பைத் தொட்டதும் விரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள்.

"அய்யோ, நெய்யா வடியுதே! சிலிக்கான்னு சொல்லி வித்தாங்களா, சார்?"

"பெட்டியிலேயே போட்டிருக்கு."

"பெட்டியில என்ன வேணா போடுவாங்க. நல்ல சிலிக்கான் பழசானா கிழியும், வெடிக்கும். தூசி பிடிக்கும், கழுவினா போயிடும். இப்படிக் கூழா ஆகுறது அபூர்வம். இது ஏதோ பிளாஸ்டிக் கலப்படம். சூடும் ஈரக்காத்தும் சேர்ந்தா கட்டினாலும் கெடும், கட்டாட்டியும் கெடும். மூடி வெச்சா இன்னும் சீக்கிரம். வியர்வையா, உள்ள வெச்சிருந்தீங்களா?"

"வியர்வை" என்றார் டைரக்டர், யோசிக்காமல். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையின் அருமை அவருக்கு உறைத்தது. கட்டிக் கட்டியே கெட்டுப்போன ஸ்ட்ராப்! இதைவிடப் பாசத்துக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? "பழசைத் தூக்கிப் போட்டுடாதம்மா. ஒரு கவர்ல போட்டுக் குடு."

அவள் கடிகாரத்தில் ஸ்ட்ராப் மாட்டும் இரண்டு காதுகளுக்கும் நடுவே மில்லிமீட்டர் அளவுகோலை வைத்தாள். "இருபத்திரெண்டு."

"இருபத்திநாலா போடு. கொஞ்சம் கம்பீரமா இருக்கட்டும்."

"சார், இது பதவி இல்ல, பள்ளம். இருபத்திரெண்டு இடத்துல இருபத்திநாலு நுழைச்சா மடங்கும், இருபது போட்டா ஆடும்." நுனி பிளந்த சின்னக் கருவியால் ஸ்ட்ராப்பைப் பிடித்திருந்த ஊசியை அழுத்தி, பிசுபிசுத்த பழைய ஸ்ட்ராப்பைக் கழற்றினாள். ஊசிகளையும் வளைத்துப் பார்த்து, துரு இருப்பதாகச் சொல்லிப் புதுசு எடுத்தாள். காதுகளில் ஒட்டியிருந்த கருப்பை ஸ்பிரிட் தொட்ட துணியால் எடுத்தாள். "இப்ப சொல்லுங்க. வாட்ச் எதுக்குக் கட்டுறீங்க? அதுக்குத் தகுந்த மாதிரி எடுப்போம்."

சாதாரணக் கேள்விதான். உண்மையான பதில், 'பீரோவுக்கு' என்பது. டைரக்டர் கடிகாரத்தின் வளையத்தைப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்ற இரண்டு பேரைப் பார்த்தார்.

"நீர் விளையாட்டு" என்றார்.

"நீச்சலா, சார்?"

"அதுக்கும் கீழே."

கடைக்காரியின் கண்கள் விரிந்தன. "ஆழத்துல இறங்குவீங்களா! சார், உங்களை மாதிரி ஆளு இந்தக் கடைக்கு வந்ததே இல்ல!" அவள் ஏணி போட்டு மேல்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள். தடித்த கருப்பு ரப்பர், நடுவில் அலை அலையாக மடிப்பு. "இதான் உங்களுக்கு. கையில போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்க்க வேண்டுமானால் சட்டைக் கையைத் தூக்க வேண்டும். தூக்கினால் எஃகுச் சங்கிலிக் கடிகாரம் தெரியும். அதைக் கழற்றினால், அடியில் வெயில் படாமல் வெளுத்துப்போன பட்டை தெரியும். ஆழ்கடல் வீரனுக்கு இதெல்லாம் தேவையா?

"அளவு எல்லாம் பார்க்கிறதில்லம்மா. மாட்டிக் குடு."

வீட்டுக்கு வந்து, படுக்கையறைக் கதவைச் சாத்தி, எஃகுக் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு மாட்டிப் பார்த்தார். கொக்கியின் கடைசி ஓட்டையில் போட்ட பிறகும் கடிகாரம் மணிக்கட்டிலிருந்து கிளம்பி முழங்கை வரை போய் வந்தது. மீதி வால் பாதி உள்ளங்கைக்கு நீண்டது. கையைத் தொங்கவிட்டால் கழன்று விரலில் வந்து நின்றது. டைரக்டர் முஷ்டியை இறுக்கி மூடிக்கொண்டு கூடத்துக்கு நடந்து வந்தார்.

சிஸ்டர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

"இது என்ன, மாட்டைக் கட்டுற கயிறா?"

"ஆழ்கடல் ஸ்ட்ராப்."

"எந்தக் கடல்?"

"தொழில்நுட்பம் தெரியாம பேசாத. தண்ணியில போறவங்களுக்குன்னே செஞ்சது."

"நீங்க தண்ணியில போறது பக்கெட்ல தானேங்க? அதுவும் வெந்நீர்."

டைரக்டர் கம்பீரமாகக் கையை உயர்த்தினார், மறுப்பதற்காக. கடிகாரம் சறுக்கி முழங்கையில் போய் முட்டிக்கொண்டது. சிஸ்டருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. கண்ணில் நீர் வந்தது, வெங்காயம் நறுக்காமலே. கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்த டைரக்டரும் கடைசியில் சோபாவில் சாய்ந்து சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் சின்னக் குரலில், "நாளன்னிக்குப் பாப்பா வந்துடுவாம்மா" என்றார்.

"எழுந்திருங்க" என்றார் சிஸ்டர். கையைக் கழுவிக்கொண்டு, தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்து அவர் மணிக்கட்டைச் சுற்றி அளந்தார். அவர் கழற்றி வைத்திருந்த எஃகுக் கடிகாரத்தை எடுத்துத் தன் கைப்பையில் போட்டார். "இனி இது என் பொறுப்பு. வாங்க."

கடையில் சிஸ்டர்தான் முதலில் பேசினார். "தங்கச்சி, இவரு கடல்ல இறங்கல. காலையில நடப்பாரு, நிறைய வேர்க்கும். ராத்திரி முட்டிக்குத் தைலம் தேய்ப்பாரு, அந்தக் கையைத் துடைக்காம எல்லாத்தையும் தொடுவாரு. கொசுவுக்கு மருந்து பூசுவாரு. பாத்திரம் கழுவுவாரு, நான் சொன்னா. குளிக்கும்போது எதையும் கழட்ட மறந்துடுவாரு. மணிக்கட்டு அளவு இது. இந்த மாதிரி ஆளுக்கு எது வாழும்?"

தன் வாழ்க்கை வரலாறு இவ்வளவு சுருக்கமாக முடிந்ததில் டைரக்டருக்கு வருத்தம்தான். ஆனால் எதிர்க்க இடமில்லை. ஒரு வரிகூடத் தவறு இல்லை.

கடைக்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சார், ஆழ்கடல் வறண்டு போச்சா?"

"பருவம் இல்ல" என்றார் டைரக்டர்.

"அந்த நீள ஸ்ட்ராப்பு, உடம்பு முழுக்க தடியான ரப்பர் சட்டை போட்டு இறங்குறவங்க, சட்டைக்கு மேல கட்டுறதுக்கு. நீங்க சொல்லியிருந்தா நானே தந்திருக்கமாட்டேன்." அவள் அதைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, கண்ணாடி மேசை மேல் நான்கைந்து ஸ்ட்ராப்களைப் பரப்பினாள்.

டைரக்டரின் கை நேராக முதலைத்தோல் மாதிரி வரிவரியாக இருந்த ஒன்றுக்குப் போனது. "இதுதான் ஒரு தகுதிக்கு ஏத்தது."

"தோலுங்க அது" என்றார் சிஸ்டர். "உங்க வியர்வைக்கு ஒரு மாசத்துல விறைக்கும், நாறும். பக்கத்துல நான் படுக்கணும்."

"அப்ப இந்தத் துணிப் பட்டை?"

"நல்லதுதான், சார்" என்றாள் கடைக்காரி. "லேசா இருக்கும், துவைச்சுக்கலாம். ஆனா குளிச்சிட்டு வந்தா ஈரம் காய நேரமாகும். கழட்ட மறக்கிறவங்களுக்கு அடியில அரிக்கும்."

"சிலிக்கான்?"

"இது நெசமான சிலிக்கான். மெத்துன்னு இருக்கும், விலையும் கம்மி. தூசி பிடிச்சா தண்ணியில அலசிக்கலாம். ஆனா மிருதுவான சரக்கு. ஓட்டைகிட்ட ஒரு கீறல் விழுந்தா அதுவே கிழிஞ்சு ஓடிடும். தைலம், கொசு மருந்துன்னு அக்கா சொல்றதைக் கேட்டா…" அவள் இன்னொன்றை எடுத்து டைரக்டரின் உள்ளங்கையில் வைத்தாள். பார்க்கச் சாதாரணக் கருப்பு. கொஞ்சம் கனம், தொட்டால் பட்டு மாதிரி. "இதுவும் ரப்பர்தான், ஆனா வேற வகை. எஃப்.கே.எம்.னு சொல்வாங்க. இன்ஜின்ல எண்ணெய் படுற இடத்துல போடுறது இந்த வகைதான். வியர்வை, எண்ணெய், வெயில் எல்லாத்தையும் தாங்கும். தூசியும் அவ்வளவா ஒட்டாது. விலைதான் கொஞ்சம் கூட."

"சாகாதா?" என்று கேட்டார் டைரக்டர்.

"எல்லாமே சாகும், சார். இது மெதுவா சாகும். வாரம் ஒரு தடவை வெறும் தண்ணியில அலசித் துடைச்சிடுங்க. ராத்திரி கழட்டிக் கைக்கும் காத்து குடுங்க. பாச்சை உருண்டை போட்ட பெட்டிக்குள்ள மட்டும் அடைச்சு வைக்காதீங்க."

"நான் ஏன் அடைச்சு வைக்கிறேன்?"

"பழைய ஸ்ட்ராப்புல அந்த வாசம்தான் அடிச்சுது, சார். அதான் சொன்னேன்."

சிஸ்டர் எதிரே இருந்த போன் கவர்களை மிகுந்த அக்கறையோடு பார்க்கத் தொடங்கினார்.

இந்த முறை டைரக்டர் சட்டைக் கையைத் தூக்கினார். வெளுத்த பட்டை எல்லார் கண்ணிலும் பட்டது. கடைக்காரி புது ஸ்ட்ராப்பை மாட்டிக் கட்டிவிட்டாள். சின்ன அளவு, நடு ஓட்டையில் கொக்கி. ஸ்ட்ராப்புக்கும் கைக்கும் நடுவே சிஸ்டர் தன் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார், நோயாளிக்குக் கட்டுப் போட்டால் பார்ப்பது போல. "ரத்த ஓட்டம் இருக்கு" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் டைரக்டர் அந்தக் கையை மடக்கி நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு நடந்தார். எலும்பு முறிவு என்று நினைத்து ஒரு ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தினார்.

வெள்ளிக்கிழமை முழுவதும் அவர் ஒத்திகை பார்த்தார். 'கட்டிக் கட்டி ஸ்ட்ராப்பே தேஞ்சிடுச்சு, கண்ணு.' இதைச் சாதாரணமாகச் சொல்ல வேண்டும், பெருமூச்சு கூடாது. சாட்சிப் பொருளான கவரை மேசை இழுப்பறையில் தயாராக வைத்தார். வெளுத்த பட்டை தெரியக் கூடாதென்று பால்கனியில் கையை மட்டும் வெயிலுக்கு நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கீழ்வீட்டுக்காரர் பதிலுக்குக் கையசைத்தார்.

"ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லிட்டா என்னங்க?" என்று கேட்டார் சிஸ்டர்.

"என்னன்னு? கீறல் விழுந்துடுமோன்னு பயந்து மூணு வருஷம் தொடவே இல்லன்னா? அற்பமா இருக்காது?"

"எனக்கு அப்படித் தெரியல."

டைரக்டர் அதைக் கேட்டும் கேட்காதது போலக் கையைப் புரட்டி மறுபக்கத்தை வெயிலுக்குக் காட்டினார்.

சனிக்கிழமை காலை மகள் வந்தாள். பையைக் கீழே போடுவதற்கு முன்பே அப்பாவின் கையைத்தான் பிடித்தாள். "அப்பா! நெசமாவே கட்டியிருக்கீங்க!"

"பின்ன? ஸ்ட்ராப்தான் புதுசு, கண்ணு. பழசு கட்டிக் கட்டியே…" என்று ஒத்திகையின்படி நிறுத்தி, இழுப்பறையிலிருந்து கவரை எடுத்து நீட்டினார். பெருமூச்சையும் கொஞ்சம் விட்டுவிட்டார்.

மகள் கவரைப் பிரித்து எட்டிப் பார்த்தாள். ஒட்டும் என்று தெரிந்ததும் ஒரு காகிதத்தால் பிடித்து வெளியே எடுத்து, வெளிச்சத்தில் காட்டினாள். ஓட்டைகள் வரிசையாக ஒரே மாதிரி வட்டமாக இருந்தன. எதுவும் கொக்கி இழுத்து நீண்டிருக்கவில்லை. முகர்ந்தாள். மூக்கைச் சுருக்கினாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஃபேனைப் பார்த்தார்.

"ரொம்பத்தான் உழைச்சிருக்குப்பா" என்றாள் மகள்.

"தினமும்."

"குளிக்கும்போதுகூட?"

"கையை விட்டு இறக்கினாத்தானே!"

மகளின் உதடு துடித்தது. சிரிப்பா வேறெதுவா என்று டைரக்டரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "புது ஸ்ட்ராப் நல்லா இருக்கு. யாரு செலக்ட் பண்ணது?" என்றாள்.

"நான்தான். நாலஞ்சு வகையை ஒப்பிட்டுப் பார்த்து."

ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டர் இருமினார்.

"கழட்டுங்க, நானும் ஒரு தடவை கட்டிப் பார்க்கிறேன்" என்றாள் மகள். டைரக்டர் பெருமையோடு கொக்கியை விடுவித்துக் கொடுத்தார். அவள் வாங்கி, ஸ்ட்ராப்பைத் தடவி, கடிகாரத்தைத் திருப்பினாள்.

அதன் முதுகில், தயாரித்த இடத்தில் ஒட்டி அனுப்பிய நீல நிறப் பாதுகாப்புத் தாள் இன்னும் உரிக்கப்படாமல் இருந்தது.